லயத்துக் கொட்டகையில் ஒரு கறவை மாடு: நாளாந்த நேர ஒழுங்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் மனைவியும் தோட்ட வேலைக்குப் போகிறோம். ஒரு கறவை மாடும் ஒரு கன்றும் இருக்கின்றன. ஒரு நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது?

இரண்டு நேரங்களை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒன்று, பால் சேகரிக்கும் லொறி சந்திக்கு வரும் நேரம். மற்றது, இரண்டாம் கறவையின் நேரம். மற்ற வேலைகள் எல்லாம் இவ்விரண்டுக்கும் இடையில் தாமாகவே இடம்பிடித்துக்கொள்ளும்.

எங்கள் பிரிவில் லொறி காலை 6.30 மணிக்கு வருகிறது, பிரட்டு 7 மணிக்கு. ஆகையால் 4.45 மணிக்கே கொட்டகையில் விளக்கு எரிய வேண்டும். முதலில் சாணத்தை வழித்து ஒதுக்குகிறோம். கறந்துகொண்டிருக்கும்போது சாணம் அள்ளினால் தூசியும் நாற்றமும் பாலில் இறங்கிவிடும். 5 மணிக்கு மடியை வெதுவெதுப்பான நீரால் கழுவித் துணியால் ஒற்றி, அரை நாள் தீவனத்தைத் தொட்டியில் வைத்துவிட்டுக் கறக்கத் தொடங்குகிறோம். மடியைத் தொட்டு ஒரு நிமிடத்துக்குள் பால் இறங்கும்; அந்த இறக்கம் ஏழெட்டு நிமிடங்களுக்கு மேல் நிற்காது. அதனால் கறவையின் நடுவில் எழுந்து தேநீருக்குப் போகும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிட வேண்டும். 5.30 மணிக்குப் புல்லும் தண்ணீரும் வைத்து, கன்றுக்கு அளந்து பால் கொடுத்து, ஒருவர் பாலுடன் சந்திக்கு இறங்குவார்.

பகல் சாப்பாட்டுக்கு வரும் ஒரு மணி நேரத்தில் கொட்டகையைக் கழுவித் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, இன்னொரு பங்கு புல் போட வேண்டும். வேலை விட்டு வரும்போது ஒரு கட்டுப் புல்லுடன் வந்து, 5 மணிக்கு மறுகறவை. இரவு 8.30 மணிக்கு ஒருமுறை டோர்ச்சுடன் போய்ப் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, இரவுத் தீனி போட்டுக் கதவை அடைக்கலாம். அந்தப் பத்து நிமிடம் எதற்கு என்பதைச் சினைப்பருவம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

தண்ணீர் ஒரு துளிகூடச் சேர்ப்பதில்லை. ஆனாலும் கொழுப்புக் குறைவு என்று விலையைக் குறைக்கிறார்கள். ஏன்?

இந்த மனக்குறை மலையகத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு பால்காரரிடமும் உண்டு. எங்கள் வீட்டிலும் இருந்தது. பால்மானி நீர் கலப்பைக் காட்டும் கருவி. கொழுப்பை அது காட்டாது. கலப்பில்லாத பால் அதில் சாதாரணமாக 26 முதல் 32 வரை காட்டும்; தண்ணீர் சேர்த்தால் எண் இறங்கும். கொழுப்பு தனியாக அளக்கப்படுகிறது. பால்மானி எண்ணும் கொழுப்பல்லாத திண்மமும் சரியாக இருந்து கொழுப்பு மட்டும் இறங்கியிருந்தால், குறை பெரும்பாலும் கறக்கும் முறையிலோ கறக்கும் நேரத்திலோ தீனியிலோ இருக்கும். எல்லாமே சேர்ந்து இறங்கியிருந்தால்தான் தண்ணீர் பற்றிய சந்தேகத்துக்கு இடமுண்டு. பாத்திரத்தைக் கழுவி நீரை வடிக்காமல் விட்டாலும் அது தண்ணீர்தான். ஆகவே சிட்டையில் விலையை மட்டும் பார்க்காமல் இந்த எண்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் மாடு பிரீசியனும் ஜேர்சியும் கலந்தது. அப்போது காலை 5 மணிக்கும் பகல் 1 மணிக்கும் கறந்தோம். பகல் பாலைச் சந்தியிலுள்ள தேநீர்க் கடை 2 மணிக்குக் கேட்டது. காலையில் 6.5 லீற்றர் கிடைத்தது, கொழுப்பு 3.1 வீதம். சேகரிப்பு நிலையத்துக்குப் போனது இந்தப் பால் மட்டுமே. ஒருநாள் பகல் பாலையும் ஒரு போத்தலில் கொண்டுபோய் அளந்து தரும்படி கேட்டோம். அது 3 லீற்றர்தான், ஆனால் கொழுப்பு 4.6 வீதம். ஒரே மாடு, ஒரே நாள்.

காரணம் இடைவெளிதான். பகல் 1 மணியிலிருந்து மறுநாள் காலை 5 மணி வரை 16 மணி நேரம். காலையிலிருந்து பகல் வரை 8 மணி நேரம். நீண்ட இடைவெளிக்குப் பின் கறக்கும் பால் அளவில் கூடும், கொழுப்பு வீதத்தில் குறையும். குறுகிய இடைவெளிக்குப் பின் வருவது அளவில் குறைந்து, கொழுப்பில் கூடும். நல்ல கொழுப்பைத் தேநீர்க் கடைக்கு அனுப்பிவிட்டு, கொழுப்புக்கு விலை போடும் இடத்துக்கு மெலிந்த பாலைக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது காரணம் கன்று. நாங்கள் முதலில் கறந்துவிட்டுக் கடைசியில் கன்றை ஊட்டவிட்டோம். கறவையின் தொடக்கத்தில் வரும் பாலில் கொழுப்பு ஒன்று, இரண்டு வீதம்தான் இருக்கும்; மடியின் மேற்பகுதியில் தங்கிவிடும் கொழுப்புத் துளிகள் இறுதியில்தான் இறங்கும், அந்தக் கடைசிப் பாலில் ஆறு, ஏழு வீதம் வரைகூட இருக்கலாம். அதை முழுவதும் கன்று குடித்துக்கொண்டிருந்தது. கன்றுக்கு அது நல்லதுதான், எங்கள் சிட்டைக்குத்தான் நல்லதாக இல்லை.

மறுகறவையை 5 மணிக்கு மாற்றினோம். கன்றைத் தொடக்கத்தில் அரை நிமிடம் ஊட்டவிட்டுப் பால் இறங்கியதும் விலக்கி, மடி முழுவதும் ஒட்டக் கறந்து, எல்லாப் பாலையும் ஒன்றாகக் கலக்கிய பிறகு கன்றின் பங்கை வாளியில் அளந்து கொடுத்தோம். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு ஒரு நாளைக்குப் போதும். 30 கிலோ கன்றென்றால் 3 லீற்றர், இரண்டு வேளையாக. இரண்டு கிழமை கழித்துக் காலைப் பால் 5.2 லீற்றர், கொழுப்பு 3.6, மாலைப் பால் 4.6 லீற்றர், கொழுப்பு 3.8. நாள் முழுவதற்கும் கிடைத்த கொழுப்பு பெரிதாக ஏறவில்லை. விலை போடும் பாலுக்குள் அது வந்து சேர்ந்தது, அவ்வளவே.

ஓர் எச்சரிக்கை. கன்று கடைசியில் ஊட்டும்போது மடி சுத்தமாக வற்றிவிடும், அது மடி நோய்க்கு ஒரு காவல். கன்றை விலக்கிவிட்டு நீங்களும் அரைகுறையாகக் கறந்தால் இரண்டு பக்கத்திலும் நட்டம்.

லொறி காலையில் மட்டுமே வருகிறது. மாலைப் பாலை இரவு வைத்திருந்து காலையில் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் கறந்த அரை மணி நேரத்துக்குள் அது குளிர வேண்டும். கறந்த பால் மாட்டின் உடல் வெப்பத்தில், ஏறத்தாழ 38 பாகையில் இருக்கும். அந்தச் சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. நுவரெலியா, பொகவந்தலாவை போன்ற உயரங்களில் இரவுக் காற்று குளிர்ந்திருக்கும் என்று நம்பிக் கேனை அடுப்படிக்கு அருகே வைத்துவிடுவதுதான் வழக்கமான பிழை. காற்றைவிட ஓடும் நீர் பல மடங்கு விரைவாகச் சூட்டை இழுத்துக்கொள்ளும். பீலிக்கரையில் ஒரு தொட்டி கட்டி, கேனின் கழுத்துவரை நீர் ஓடும்படி வைத்து, முதல் இருபது நிமிடம் இடையிடையே சுத்தமான கரண்டியால் கலக்கிவிட்டால் பால் பீலி நீரின் குளிருக்கு அருகே வந்துவிடும். மூடியை அப்போது சற்றுத் தளர்த்தி வைத்து, குளிர்ந்தபின் அடைக்கலாம்.

காலையில் கறந்த சூடான பாலை அந்தக் கேனிலேயே ஊற்றிவிடாதீர்கள். இரவு முழுவதும் அடங்கியிருந்த கிருமிகளுக்கு அது விருந்து. இரண்டு கேன்களாகவே கொண்டுபோங்கள். ஒன்று மறுக்கப்பட்டாலும் மற்றது தப்பும். புறப்படுமுன் மாலைப் பாலில் ஒரு கரண்டி எடுத்துக் கொதிக்கவைத்துப் பார்த்தால், திரிந்த பாலைச் சந்தி வரை சுமக்கும் வேலை மிச்சம்.

கீழே இறங்க இறங்க இந்த முறை பயன்படாமல் போகும். நாவலப்பிட்டி, கம்பளைப் பக்கத்து வெப்பத்தில் பீலி நீரை மட்டும் நம்பி இரவு முழுவதும் வைத்திருக்க நான் சொல்லமாட்டேன். அங்கே மாலைப் பாலை அன்றே வீடுகளுக்கு விற்றுவிடுவது அல்லது தயிராக்குவது மேல்.

மழைக்காலத்தில் மாடு வயிறு நிறையப் புல் தின்கிறது. ஆனால் பால் குறைகிறதே?

வயிறு நிறைவது புல்லாலா, நீராலா என்று பார்க்க வேண்டும். 400 கிலோ எடையுள்ள, நாளுக்கு 10 லீற்றர் கறக்கும் மாட்டுக்கு ஏறத்தாழ 12 கிலோ உலர்பொருள் தேவை. அதில் 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவானது அடர்தீவனத்திலிருந்து வருகிறது என்று வைத்துக்கொண்டால், மீதி 9 கிலோ புல்லிலிருந்து வர வேண்டும். வெயில் நாட்களில் வெட்டும் புல்லில் ஐந்தில் ஒரு பங்கு உலர்பொருள் இருக்குமானால் 45 கிலோ புல் போதும். தென்மேற்கு மழை கொட்டும் ஆனி, ஆடியில், அற்றன், மஸ்கெலியாப் பக்கத்தில் வெட்டும் இளம்புல்லில் 15 வீதம்தான் இருக்கலாம். அதே 45 கிலோவில் 7 கிலோவுக்கும் குறைவாகவே மாட்டுக்குக் கிடைக்கும். ஈடுகட்ட 60 கிலோ வெட்ட வேண்டும். அதை வெட்டிச் சுமக்கவும் ஆளில்லை, மாட்டின் வயிற்றிலும் இடமில்லை.

ஆகவே புல்லைத் தின்னக் கொடுக்கும் நேரத்துக்கு அரை நாள் முன்பே வெட்டிவிடுவதுதான் தீர்வு. மாலையில் வெட்டிய புல்லைக் கூரைக்குக் கீழே பரண் கட்டி விரித்துவைத்தால் மறுநாள் காலையில் அது வாடியிருக்கும். குவித்து வைத்தால் சூடேறிப் புளித்துவிடும்; கையை உள்ளே விட்டுப் பார்த்தால் தெரியும். கிடைத்தால் ஒன்று இரண்டு கிலோ வைக்கோலையும் சேர்க்கலாம். நார்ப்பொருள் குறைந்தால் பாலின் கொழுப்பும் இறங்கும் என்பதால் முன்சொன்ன சிட்டைக்கும் இது உதவும். முற்றிய குவாத்தமாலாப் புல்லை மட்டும் போட்டு நார் இருக்கிறது என்று திருப்திப்பட வேண்டாம். தேயிலை நடுமுன் மண்ணைத் தேற்றுவதற்குத்தான் தோட்டங்கள் அதை வளர்க்கின்றன. தீனியாக அது இளசில்தான் உதவும். வேலிக் கல்யாண முருங்கை இலையை ஐந்தாறு கிலோ சேர்த்தால் புரதம் கிடைக்கும்.

அடர்தீவனத்துக்கு எளிய கணக்கு உண்டு. நல்ல புல் மாட்டின் உடலையும் முதல் 4 லீற்றர் பாலையும் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 2 லீற்றருக்கும் ஒரு கிலோ. 10 லீற்றர் மாட்டுக்கு 3 கிலோ, ஒரு வேளைக்கு ஒன்றரை. தேங்காய்ப் புண்ணாக்கும் அரிசித் தவிடும் வீட்டிலேயே கலப்பவர்கள் மழைக்காலத்தில் மூடையைப் பலகைமேல் வையுங்கள். பூஞ்சை பிடித்த புண்ணாக்கின் நச்சு மாட்டின் ஈரலைக் கெடுப்பதோடு பாலிலும் வந்து சேரும். வெயிலில் காயவைத்தால் பூஞ்சையின் வாசம் போகும், நச்சு போகாது.

இன்னொன்று. தேயிலை மலையில் புல் அறுப்பவர்கள் அந்த மலைக்கு எப்போது களைநாசினி அடித்தார்கள் என்று கங்காணியிடம் கேட்காமல் அரிவாளை வைக்கக் கூடாது. உரம் போட்ட அன்று வெறும் பைகளை மாடு நக்கும் இடத்தில் விடவும் கூடாது. யூரியா சிறிதளவே மாட்டைக் கொன்றுவிடும்.

கொட்டகையை ஒரு நாளைக்கு எத்தனை முறை கழுவ வேண்டும்?

சாணம் அள்ளுவது மூன்று முறை, தண்ணீர் ஊற்றிக் கழுவுவது ஒரு முறை, அதுவும் பகலில். மலையில் இரவில் கழுவிய தளம் விடியும்வரை காயாது. ஈரத்தில் படுத்த மாட்டுக்குக் குளம்பு அழுகும், மடியில் நோய் ஏறும். பத்தடி நீளத் தளத்துக்கு மூன்று அங்குலச் சரிவு இருந்தால் சிறுநீர் தானே வாய்க்காலுக்கு ஓடிவிடும். குளிருக்குப் பயந்து நாலாபுறமும் சாக்கால் அடைத்துவிடுகிறார்கள். காலையில் உள்ளே நுழைந்ததும் கண் எரிந்தால் கன்றின் நுரையீரலும் அப்படித்தான் எரிகிறது. காற்று அடிக்கும் பக்கத்தை மட்டும் மறைத்து, கூரைக்குக் கீழே ஒரு முழம் திறந்தே இருக்கட்டும்.

மடி நோய் வந்திருப்பதை முதல் நாளிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒவ்வொரு கறவையிலும் ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீச்சலைக் கறுப்புத் துணி கட்டிய கோப்பையில் விடுங்கள். திரியோ நூலோ நீர்த்தன்மையோ கறுப்பில் உடனே தெரியும். அந்தப் பாலைத் தரையில் பீச்சிவிட வேண்டாம், நோயைப் பரப்பும். பிறகு நான்கு கால்பகுதிகளையும் கையால் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாகவோ இறுகியோ இருந்தால் அன்றே வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். நோயுள்ள காம்பைக் கடைசியில், தனிப் பாத்திரத்தில் கறக்க வேண்டும்.

கறந்து முடித்தபின் காம்பின் துளை அரை மணி நேரம் வரை திறந்தே இருக்கும். அதற்காகத்தான் காம்புகளை அயடின் கரைசலில் தோய்ப்பதும், கறந்தவுடன் புல் போடுவதும். தின்றுகொண்டு நிற்கும் மாடு படுக்காது.

மருந்து ஏற்றிய மாட்டின் பாலை எத்தனை நாள் கொடுக்கக் கூடாது என்பதை ஊசி போடும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு காம்புக்குத்தானே மருந்து என்று மற்ற மூன்றின் பாலைக் கேனில் ஊற்றுவது நடக்கிறது. மருந்து இரத்தத்தின் வழியே அவற்றுக்கும் போகிறது.

ஒரே மாடுதான். சினைப்பருவம் வருவதே தெரிவதில்லையே?

துணைக்கு இன்னொரு மாடு இல்லாத இடத்தில், ஒன்றன்மேல் ஒன்று ஏறும் முக்கியமான அறிகுறியைப் பார்க்கவே முடியாது. எனவே மற்ற அறிகுறிகளைத் தேட வேண்டும். முட்டையின் வெள்ளைக்கரு போன்ற தெளிவான சளி வாலிலோ தரையிலோ நூலாகத் தொங்கும். மாடு கத்தும், தீனியை விட்டு நிமிர்ந்து நிற்கும், பால் திடீரென்று அரை லீற்றர் குறையும். படுத்திருக்கும்போதுதான் சளி வெளியே வழியும். இரவு 8.30 மணிக்கு டோர்ச்சுடன் போகச் சொன்னது இதற்காகவே.

பருவம் 21 நாளுக்கு ஒருமுறை, 18 முதல் 24 நாள் இடைவெளியில் வரும். அறிகுறியைக் காலையில் கண்டால் அன்று பின்னேரமும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போடுவது முறை. மலைப் பாதையில் ஊசி போடுபவர் வந்துசேர நேரமாகும் என்பதால், கண்டவுடனேயே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். மாடு அடங்கி வெகுநேரம் கழித்துப் போட்ட ஊசி பெரும்பாலும் வீண்.

விடியும்வரை காத்திருக்கக் கூடாத நிலைகள் எவை?

கன்று ஈன்ற முதல் இரண்டு மூன்று நாளுக்குள் மாடு எழ முடியாமல், காது குளிர்ந்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்திருந்தால் அது பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், உடல் உண்மையில் குளிர்ந்திருக்கும். இரத்தத்தில் கல்சியம் இறங்கிவிட்டது. வைத்தியர் நரம்பில் ஏற்றினால் பெரும்பாலும் மாடு எழுந்துவிடும், சில மணி நேரம் தாமதித்தால் இறந்துவிடும். அவர் வரும்வரை மாட்டைப் பக்கவாட்டில் சாயவிடாமல் மார்பின்மேல் நிமிர்த்தி, வைக்கோல் மூடை கொண்டு முட்டுக்கொடுங்கள். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். விழுங்கும் வலு இல்லாததால் அது நுரையீரலுக்குள் போகும்.

இடது விலா மத்தளம்போல் உப்பி மூச்சுத் திணறுவதும், பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரமாகியும் கன்று முன்னேறாததும் இப்படிப்பட்டவைதான். நஞ்சுக்கொடி விழாமல் தொங்குவதற்கு மறுநாள்வரை பொறுக்கலாம். அதை இழுக்கவோ வெறுங்கையால் தொடவோ கூடாது.

கொப்பியில் என்ன எழுதிவைக்க வேண்டும்?

இரண்டு வேளைப் பாலளவு, சிட்டையின் எண்கள், மருந்து, சினை ஊசித் திகதி. கடைசியானது ஒன்றே ஆண்டின் மற்ற நாட்களைச் சொல்லிவிடும். மார்ச் 10 ஆம் திகதி ஊசி போட்டதாக வைத்துக்கொள்வோம். மார்ச் 28 முதல் ஏப்ரல் 3 வரை இரவும் காலையும் கூர்ந்து பார்க்க வேண்டும். பருவம் திரும்பினால் ஊசி பிடிக்கவில்லை. திரும்பாவிட்டாலும் நிச்சயமில்லை, ஜூன் இரண்டாம் கிழமையில் வைத்தியரைக் கொண்டு சினை பார்த்துக்கொள்ள வேண்டும். சினை 280 நாள் என்பதால் டிசம்பர் 15 ஆம் திகதியை ஒட்டிக் கன்று ஈனும். அதற்கு 60 நாள் முன்னதாக, ஒக்டோபர் நடுவில், கறப்பதை நிறுத்திவிட வேண்டும். அந்தக் கிழமையில் மாடு இன்னும் 4 லீற்றர் கறந்துகொண்டிருக்கலாம், தீபாவளிச் செலவும் வாசலில் நிற்கும். அப்படியும் அடர்தீவனத்தைக் குறைத்துக் கறவையை விட்டுவிடுங்கள். மடிக்கு ஓய்வு கிடைக்காவிட்டால் அடுத்த ஈற்றில் அந்த 4 லீற்றரைவிட அதிகமாகவே குறையும்.